தாய்மரத்தடியில் சாகும் நாற்றுகள்: வெப்பமண்டலக் காட்டில் இத்தனை மர இனங்கள் எப்படி?

பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனாவது உள்ள ஒவ்வொரு தண்டையும் கணக்கெடுத்தார்கள். சுமார் 300 மர இனங்கள் இருந்தன. மலேசியாவின் பாசோ காட்டில் அதே பரப்பில் 800-க்கும் மேல். எல்லா மரத்துக்கும் வேண்டியது வெளிச்சம், தண்ணீர், கொஞ்சம் தாது உப்புகள். அப்படியிருக்க, வேகமாக வளரும் நாலைந்து இனங்கள் மற்றவற்றை ஏன் ஒழித்துவிடவில்லை?

1970-இல் டேனியல் ஜேன்சனும், 1971-இல் ஆஸ்திரேலியக் காடுகளில் வேலை செய்த ஜோசப் கானலும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தார்கள். விதைகள் தாய்மரத்தடியில்தான் அதிகம் விழும். தள்ளிப் போகப் போகக் குறையும். அந்த இனத்தையே தின்று பிழைக்கும் வண்டு, புழு, பூஞ்சை எல்லாம் குடியிருப்பதும் அதே மரத்தடியில். அதனால் பிழைக்கும் வாய்ப்பு தூரம் கூடக் கூட ஏறும். இரண்டையும் பெருக்கினால், அதிக நாற்றுகள் தேறுவது அடியிலும் இல்லை, வெகு தொலைவிலும் இல்லை, நடுவில் எங்கோ. தாய்மரத்தைச் சுற்றிக் காலியாகும் இடம் வேறு இனங்களுக்குக் கிடைக்கும்.

அந்தத் தீவில் கேரல் ஆக்ஸ்பர்கர் பிளாட்டிபோடியம் எலிகன்ஸ் என்ற மரத்தின் நாற்றுகளைத் தொடர்ந்து கவனித்தார். இறக்கை விதை, காற்றில் பரவும் மரம். முளைத்த சில மாதங்களிலேயே நாற்றழுகல் நோய் பெரும்பகுதியைக் கொன்றது. தாய்க்கு அருகில் சாவு அதிகம். மரம் விழுந்து வெயில் இறங்கும் இடங்களில் நோய் குறைவு. நாற்றங்கால் போட்டவர்களுக்கு இதில் வியப்பில்லை: நெருக்கமும் ஈரமும் நிழலும் சேர்ந்தால் அழுகும்.

சரி, நாற்று சாகிறது. ஆனால் அதனால் மட்டும் 300 இனங்கள் வந்துவிடுமா? என் கட்டுரை நிற்கும் இடம் இதுதான். தேன்கூட்டு அறைகள் போல மரங்கள் நிற்பதாக நினைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஆறு அண்டை. பக்கத்தில் சொந்த இனம் வரக்கூடாது என்பது மட்டுமே விதி என்றால், மூன்று இனங்களை வைத்தே முழுக் காட்டையும் நிரப்பலாம். அடுத்த வட்டத்துக்கும் தடை போட்டால் ஏழு போதும். ஆக, 'தாய்க்கு அருகில் சாவு அதிகம்' என்று காட்டும் ஆய்வு எத்தனை வந்தாலும் அது பாதி வாதம்தான். ஓர் இனம் பெருகும்போது அதன் நாற்றுகளுக்கு ஆபத்தான இடமும் பெருக வேண்டும். அரிதாக இருக்கும்போது காடு முழுக்கப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அதாவது, அரிதாக இருப்பதே லாபம் என்றாக வேண்டும்.

இதைச் சோதிக்க நேர்வழி, எதிரிகளை அகற்றிப் பார்ப்பது. பெலீஸ் நாட்டுக் காட்டில் அப்படிச் செய்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பூஞ்சைக்கொல்லி தெளித்த இடங்களில் நாற்றுகளின் இன வகை குறைந்தது. பூச்சிக்கொல்லி தெளித்தபோது எந்த இனம் எவ்வளவு என்ற கலவை பெரிதும் மாறியது. எனக்கு மிக வலுவாகத் தோன்றும் சான்று இது, ஏனென்றால் இங்கே அளந்தது தனி நாற்றின் சாவை அல்ல, வகைப் பெருக்கத்தையே.

பாரோ கொலராடோவிலிருந்து 2010-இல் வந்த நாற்றுக் கணக்கு இன்னொரு திருப்பம் தருகிறது. சொந்த இனத்தின் அருகாமையால் அதிகம் பாதிக்கப்படுவது அரிய இனங்கள்தான். முதல் பார்வைக்கு இது கருதுகோளையே கவிழ்ப்பதாகத் தோன்றும். நான் அப்படிப் படிக்கவில்லை. எத்தனை இனங்கள் நிலைக்கும் என்பது ஒரு கேள்வி. அவற்றில் எது பொதுவானது, எது அரியது என்பது வேறு கேள்வி. இந்த முடிவு இரண்டாவதற்கு விடை: சொந்த இனம் பக்கத்தில் இருந்தால் தாங்காதது பெருகாமல் அரிதாகவே நிற்கிறது.

அமெரிக்காவின் இண்டியானாவில் ஒரு காட்டுச் செர்ரி மரத்தடியிலும் இதே கதை என்று 2000-இல் காட்டினார்கள். மண்ணில் இருந்த பித்தியம் என்ற நோய்க்கிருமிதான் கொலைகாரன். ஆக, இது வெப்பமண்டலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. அங்கே இது இன்னும் வலுவாக வேலை செய்கிறதா என்ற சண்டை, கணக்கிடும் முறையைப் பற்றிய சண்டையாகவே பெரும்பாலும் ஓடுகிறது. முதுமலையின் 50 ஹெக்டேர் காட்டில் இனங்கள் எழுபதை ஒட்டித்தான். வறட்சியில் பூஞ்சை அடங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் அங்கே தீயும் யானையும் உண்டு. அந்த ஒப்பீட்டை நான் ஆதாரமாக வைக்க மாட்டேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் துண்டான ஒரு காட்டில் நடந்து, 2018-இல் வெளிவந்த ஆய்வை வைப்பேன். காட்டின் உட்பகுதியில் பூஞ்சையையும் பூச்சியையும் தடுத்தால் நாற்று வகை குறைந்தது. ஓரத்தை நெருங்க நெருங்க அந்த எதிரிகளின் பிடியே தளர்ந்திருந்தது.