பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிய வாழ்த்துகள்

குடும்பக் குழுவுக்கு, புதன் காலை

எல்லாருக்கும் இனிய பண்டிகை வாழ்த்துகள்! பண்டிகை வெள்ளிக்கிழமைதான், ஆனாலும் இன்றைக்கே சொல்லக் காரணம் இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வருகிறது. பல மருந்துக்கடைகள் மூடியிருக்கும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரும் ஊரில் இருக்க மாட்டார். அதனால் பெரியவர்கள் எல்லாரும் இப்போதே மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை வரை வருமா? பிரஷர், சர்க்கரை, வலிப்பு மாத்திரைகளை "இரண்டு நாள்தானே" என்று விட்டுவிடக் கூடாது. குறைந்தால் குழுவில் எழுத வேண்டாம். டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். நாளை மாலை கடைக்குப் போகிறேன், சேர்த்து வாங்கி வந்துவிடுவேன்.

அப்புறம் ஒன்று. "பண்டிகைப் பரிசு விழுந்திருக்கிறது" என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள், இந்தக் குழுவிலும் பகிராதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சரி. சந்தேகமாக இருந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள்.

பெரியம்மாவுக்கு

பெரியம்மா, பண்டிகை வாழ்த்துகள். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் எல்லாருக்கும் வேண்டும்.

ஏதாவது வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால் "எனக்கென்னப்பா வேணும், நீங்க நல்லா இருந்தா போதும்" என்றுதான் சொல்வீர்கள். அதனால் மூன்றே மூன்று கேட்கிறேன். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் போடுங்கள்.

ஒன்று, ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிர்கிறதா? போன வாரம் பேசும்போது பால் சீக்கிரம் கெட்டுப் போகிறது என்றீர்கள். அதிலிருந்து எனக்கு உங்கள் இன்சுலினைப் பற்றித்தான் கவலை. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிரவில்லையே என்று அதை ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், ஒரு தடவை உறைந்துவிட்டால் அப்புறம் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. "இல்லை" என்று பதில் வந்தால் இன்று மாலையே மெக்கானிக்கோடு வருகிறேன். சரியாகும் வரை இன்சுலின் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

இரண்டு, காது மெஷினுக்கு பேட்டரி மிச்சம் இருக்கிறதா? இருப்பவற்றின் ஸ்டிக்கரை முன்கூட்டியே உரித்து வைக்காதீர்கள். காற்றுப் பட்டதுமே தீர ஆரம்பித்துவிடும். எல்லாரும் கூடிப் பேசும் நாளில் நீங்கள் பேச்சுக் கேட்காமல் ஓரமாக உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

மூன்று, வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு நான் வந்து உங்களை அழைத்து வரலாமா?

அத்தைக்கு

அத்தை, எல்லாருக்கும் அனுப்பிய வாழ்த்தை உங்களுக்கு அனுப்ப மனம் வரவில்லை. மாமா இல்லாமல் வரும் முதல் பண்டிகை இது. குழுவில் வாழ்த்தும் படமுமாக வந்துகொண்டிருக்கும், பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் நான்கு நாளைக்கு அதை மியூட்டில் போட்டுவிடுங்கள். ஏன் பதில் இல்லை என்று யாரும் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை உங்களோடு யாராவது இருந்தால் நல்லதா, தனியாக இருக்க விடுவது நல்லதா? இரண்டில் எது என்றாலும் எனக்குச் சரி. அன்று காலையில் மனம் மாறினாலும் ஒரு போன் போதும். நான் வந்தால் மாமாவைப் பற்றிப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

வங்கியிலும் மின்சாரக் கணக்கிலும் மாமா பெயரை மாற்றும் வேலை அப்படியே நிற்கிறது என்று தங்கச்சி சொன்னாள். அதைப் பண்டிகைக்குள் யோசிக்க வேண்டாம். அடுத்த புதன்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். இறப்புச் சான்றிதழை மட்டும் எடுத்து வையுங்கள். நகல் எடுப்பது, வரிசையில் நிற்பது, படிவம் நிரப்புவது எல்லாம் என் வேலை. நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

சித்தி மகனுக்கு

தம்பி, பண்டிகை வாழ்த்துகள்டா. வேலை விஷயம் தெரியும். சித்தி சொல்லித்தான் தெரியும், அவரிடம் கோபப்படாதே. நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த மாத வாடகைக்கோ பிள்ளைகள் ஃபீஸுக்கோ இடிக்கிறதா? தொகையை மட்டும் அனுப்பு, காரணம் எழுத வேண்டாம். எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்க மாட்டேன். பணமாக வேண்டாம் என்றால், உன் பயோடேட்டாவை அனுப்பு. உன் துறையில் இரண்டு பேரை எனக்கு நன்றாகத் தெரியும். உன்னைப் பற்றி நானே பேசுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவசியம் வா. "இப்போ என்ன பண்றே?" என்று பெரியவர்கள் ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். நீ வராமல் இருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

மேல் வீட்டு சாருக்கும் ஆன்ட்டிக்கும்

வணக்கம் சார், வணக்கம் ஆன்ட்டி. உங்கள் இருவருக்கும் இனிய பண்டிகை வாழ்த்துகள். பிள்ளைகள் இந்த முறை வர முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். லிஃப்ட் வேலையும் ஞாயிறு வரை முடியாதாம். ஆன்ட்டியின் முழங்காலோடு மூன்று மாடி ஏறி இறங்க வேண்டாம். தண்ணீர் கேனும் காய்கறியும் நான் கடைக்குப் போகும்போது வாங்கி மேலே கொண்டு வந்து வைக்கிறேன். நாளை மாலை 5 மணிக்குள் என்னென்ன வேண்டும் என்று அனுப்பினால் போதும். எப்படியும் எனக்காகப் போகிறேன், அதனால் தயங்க வேண்டாம். பிள்ளைகளோடு வீடியோ காலில் பேச உதவி வேண்டுமானாலும் வந்து போட்டுத் தருகிறேன்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு

வாழ்த்துகள் தங்கச்சி, குட்டிக்கும் சேர்த்து! பதில் போட நேரம் இருக்காது, ஒரு ஸ்மைலி போதும். சனிக்கிழமை மதியம் அக்கா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்கு. அக்காவுக்கு உபசாரம் எதுவும் வேண்டாம், வீடு எப்படிக் கிடந்தாலும் பரவாயில்லை. விருந்தாளிகளில் யாருக்காவது சளியோ காய்ச்சலோ இருந்தால் குழந்தையைக் கையில் கொடுக்காதே. நீ சொல்லச் சங்கடப்பட்டால் என்னைக் கூப்பிடு, நான் வந்து சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வணக்கம். நாங்கள் உங்கள் இடது பக்கத்து வீடு. வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பண்டிகை. உங்களுக்கும் பண்டிகை என்றால் வாழ்த்துகள், இல்லை என்றாலும் எங்கள் அன்பு. அன்று ஆட்கள் வருவார்கள், கொஞ்சம் சத்தம் இருக்கும். இரவு 9 மணிக்கு மேல் அமைதியாகிவிடும். யாராவது உங்கள் வாசலை மறித்து வண்டி நிறுத்தினால் உடனே மணி அடியுங்கள், எடுக்கச் சொல்கிறேன். இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்கள் என்னிடம் இருக்கின்றன. அனுப்பட்டுமா?

பெரியம்மாவுக்கு, வியாழன் மாலை

பெரியம்மா, உங்கள் பதிலில் மூன்று "ஆமாம்" பார்த்தேன். ஃப்ரிட்ஜ் குளிர்கிறது என்று நீங்கள் சொன்னால் சரிதான், ஆனாலும் நாளை வரும்போது ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்துவிடுகிறேன். கடைக்குப் போன இடத்தில் உங்கள் அளவில் பேட்டரி ஒரு அட்டை வாங்கிவிட்டேன். காலை 10 மணிக்கு வருகிறேன். மணி அடித்துக் கதவு திறக்காவிட்டால் போன் செய்வேன், போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.