தீபாவளி சீசன் ரொக்கத் திட்டம்: ஆகஸ்ட் – டிசம்பர் 2026 (கும்பகோணம் ஜவுளிக் கடை)

எல்லாத் தொகையும் லட்சம் ரூபாயில். ஆகஸ்ட் 1 கையிருப்பு 6.00. கல்லாவிலும் கணக்கிலும் சேர்ந்து 2.00-க்குக் கீழே போகக்கூடாது.

| | ஆக. | செப். | அக். | நவ. | டிச. |
|---|---|---|---|---|---|
| விற்பனை | 14 | 16 | 50 | 30 | 12 |
| வசூல் | 14.6 | 15.8 | 46.6 | 32.0 | 13.8 |
| சரக்குப் பணம் | 19.0 | 32.0 | 24.0 | 8.0 | 6.0 |
| சம்பளம், வாடகை, போனஸ் | 3.2 | 3.4 | 6.5 | 3.8 | 3.0 |
| ஜிஎஸ்டி, முன்வரி | 0.5 | 0.6 | – | 0.2 | 1.8 |
| மாத நிகரம் | −8.1 | −20.2 | 16.1 | 20.0 | 3.0 |
| வட்டி (ஆண்டுக்கு 10%) | – | 0.03 | 0.20 | 0.07 | – |
| கடன் எடுப்பு / அடைப்பு | 4.10 | 20.23 | −15.90 | −8.43 | – |
| கடன் பாக்கி | 4.10 | 24.33 | 8.43 | 0 | 0 |
| கையிருப்பு | 2.00 | 2.00 | 2.00 | 13.50 | 16.50 |

விற்பனையில் 90% அந்த மாதமே வரும். தையல்காரர்களுக்கும் தலைச்சுமை வியாபாரிகளுக்கும் கடனாகக் கொடுத்த 10% அடுத்த மாதம். சூரத், ஈரோடு பில்களில் பாதி சரக்கு வந்த மாதம், பாதி மறுமாதம். ஆகஸ்ட், செப்டம்பர் கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டி வரவாகக் கிடப்பதால், அக்டோபர் விற்பனைக்கான வரி நவம்பர் 20-ல் 0.2 மட்டுமே.

போன வருஷத் தாளைப் பார்த்து எழுதவேண்டாம். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. இந்த வருஷம் நவம்பர் 8. நவம்பரின் 30 லட்சமும் பெரும்பாலும் முதல் ஏழு நாளிலேயே வந்துவிடும்.

மாத இறுதிப் பாக்கியை மட்டும் பார்த்து வங்கியில் 25 லட்சம் கேஷ் கிரெடிட் லிமிட் கேட்டால் அக்டோபர் 10-ல் செக் திரும்பும். செப்டம்பர் சரக்கின் மீதி 18 லட்சம் அதற்குள் கொடுத்தாக வேண்டும், சம்பளம் 1.8. அதுவரை வசூல் 10.8 தான், போனஸ் கைக்கு வந்த பிறகுதான் ஜனங்கள் கடைக்கு வருவார்கள். 24.33 + 18 + 1.8 − 10.8 = 33.33. ஆகவே லிமிட் 35 லட்சம், ஆகஸ்ட் 15 முதல் நவம்பர் 30 வரை.

டிராயிங் பவர், அதாவது சரக்கின் மதிப்பை வைத்து வங்கி எடுக்கவிடும் தொகை, தனிக் கணக்கு. செப்டம்பர் 30-ல் சரக்கு 63, கொடுக்கவேண்டிய பாக்கி 18. மீதி 45-ல் 25% மார்ஜின் போக 33.75. 33.33 என்ற உச்சத்துக்கு மேல் மிஞ்சுவது 42,000 ரூபாய்தான். ஈரோட்டு வியாபாரி ஒருவரிடமாவது 3 லட்சத்தை அக்டோபர் 20-க்குத் தள்ளச் சொல்லிக் கேட்டு வைக்கவும். ஆகஸ்ட் 31 சரக்குப் பட்டியல்படி 18.15 மட்டுமே எடுக்கமுடியும். செப்டம்பரிலேயே தேவை 24.33. அதனால் செப்டம்பர் 15 அன்று இடைப்பட்ட சரக்குப் பட்டியல் ஒன்று வங்கிக்குப் போகவேண்டும். பணம் கட்டாத சரக்கைக் கழிக்காமல் எழுதினால் ஆய்வின்போது லிமிட் குறையும்.

வடகிழக்குப் பருவமழை கடைசி இரண்டு ஞாயிறுகளைக் கெடுத்து அக்டோபர் விற்பனை 40-க்கு இறங்கினால், மாத இறுதிப் பாக்கி 17.43. நவம்பரில் அதுவும் அடையும், ஆனால் கையில் 13.50-க்குப் பதில் 3.42 தான் இருக்கும். பொங்கலுக்கான டிசம்பர் கொள்முதலை நவம்பர் 10-க்கு மேல் கணக்கைப் பார்த்த பிறகே உறுதிசெய்யவும்.