தங்கச்சிக்குப் பன்னிரண்டு வார ஓட்டத் திட்டம்: ஜனவரி 19 முதல் ஏப்ரல் 12 வரை

தங்கச்சி, புத்தாண்டுக்கு முந்தின ஞாயிறு கழகம் நடத்தும் பெண்கள் மரதனில் 10 கிலோமீற்றரையும் நிற்காமல் ஓடி முடிக்க வேண்டும் என்று கேட்டாய். அதற்கு இந்தத் திட்டம் போதும். வேகத்துக்காக இதை எழுதவில்லை. உன் கால் நோகாமல், பள்ளிக்கூட வேலையும் கெடாமல் அந்தத் தூரத்துக்கு உன்னைக் கொண்டுபோவதுதான் நோக்கம்.

நீ அனுப்பிய தொலைபேசிக் கணக்கின்படி கடைசி நாலு வாரமும் 13, 16.5, 14.5, 16 கிலோமீற்றர் ஓடியிருக்கிறாய். சராசரி 15. மாரி மழைக்குள்ளும் இவ்வளவு ஓடினது பெரிய விஷயம். அந்த 15-இலிருந்துதான் தொடங்குகிறேன். ஒரு வாரத்தின் மொத்தத் தூரம் அதற்கு முந்தின வாரத்தைவிட 10 வீதத்துக்கு மேல் எந்த வாரத்திலும் கூடாது. திட்டம் முழுவதும் இந்த ஒரு கட்டுப்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

| வாரம் | தொடங்கும் திங்கள் | செவ்வாய் | வியாழன் | சனி | ஞாயிறு | மொத்தம் (கி.மீ.) | மாற்றம் |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | ஜன. 19 | 5 | 5 | – | 6 | 16 | சராசரியிலிருந்து +6.7% |
| 2 | ஜன. 26 | 5 | 5.5 | – | 7 | 17.5 | +9.4% |
| 3 | பெப். 2 | 5.5 | 6 | – | 7.5 | 19 | +8.6% |
| 4 | பெப். 9 | 5 | 5.5 | – | 7 | 17.5 | இறக்கம் |
| 5 | பெப். 16 | 4 | 5 | 2.5 | 7.5 | 19 | +8.6% |
| 6 | பெப். 23 | 4.5 | 5 | 3 | 8 | 20.5 | +7.9% |
| 7 | மார்ச் 2 | 5 | 6 | 3 | 8.5 | 22.5 | +9.8% |
| 8 | மார்ச் 9 | 4.5 | 5 | 3 | 8 | 20.5 | இறக்கம் |
| 9 | மார்ச் 16 | 5 | 5.5 | 3 | 9 | 22.5 | +9.8% |
| 10 | மார்ச் 23 | 5.5 | 6 | 3.5 | 9.5 | 24.5 | +8.9% |
| 11 | மார்ச் 30 | 6 | 6 | 4 | 10.5 | 26.5 | +8.2% |
| 12 | ஏப். 6 | 4 | 3 | ஓய்வு | 10 | 17 | மரதன் வாரம் |

ஒவ்வொரு வாரமும் 10 வீதம் கூட்டிக்கொண்டே போனால் இன்னும் கெதியாக முன்னேறலாமே என்று நினைப்பாய். கணக்குப் போட்டுப் பார். 16-இல் தொடங்கி பதினொரு முறை 10 வீதம் கூட்டினால் பன்னிரண்டாம் வாரம் 45 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். 10 கிலோமீற்றர் ஓட அவ்வளவு தேவையும் இல்லை, உன் கால் அதைத் தாங்கவும் மாட்டாது. பத்து வீதம் என்பது தாண்டக் கூடாத எல்லை. ஒவ்வொரு வாரமும் தொட்டே ஆக வேண்டிய இலக்கு அது இல்லை.

இப்படி மெல்லப் போவதற்குக் காரணம் எலும்பும் தசைநாரும். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும், அதனால் ஐந்தாம் ஆறாம் வாரத்தில் "இன்னும் ஓடலாம்போல இருக்கிறது" என்று தோன்றும். கணுக்காலுக்குப் பின்னால் இருக்கிற தசைநாருக்கும் முன்னங்கால் எலும்புக்கும் பழக மாதக்கணக்கு எடுக்கும். மூச்சு வாங்காததை வைத்துத் தூரத்தைக் கூட்டுகிற ஆட்கள்தான் முன்னங்கால் நோவோடு வந்து நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். 10 வீதக் கணக்கைப் பிடித்தால் காயமே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 2008-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 10 வீதக் கணக்கில் மெல்லக் கூட்டின பிரிவுக்கும் வழக்கமான பயிற்சி செய்த பிரிவுக்கும் காயம் பட்ட அளவில் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியிருந்தும் இந்தக் கணக்கை நான் விடவில்லை. உற்சாகம் வந்த ஒரு வாரத்தில் 16-இலிருந்து 25-க்குத் தாவாமல் அது உன்னை மறித்து வைக்கும். எனக்கு அது போதும். மிச்சத்துக்கு உன் காலின் பேச்சைக் கேள்.

நாலாம், எட்டாம் வாரங்களின் இறக்கத்தைக் கவனி. பலர் இறக்க வாரத்தில் கால்வாசியைக் குறைத்துவிட்டு மறுவாரம் பழைய தூரத்துக்கே ஏறுவார்கள். 19-இலிருந்து 14-க்கு இறங்கி மறுபடி 19 ஓடினால் அது 35 வீதத்துக்கு மேலான ஏற்றம். அதனால் இரண்டு இறக்கத்தையும் 9 வீதத்துக்குள் வைத்திருக்கிறேன். திரும்ப ஏறும்போதும் கட்டுப்பாடு உடையாது. நாலாம் வார ஞாயிறு இரவு சிவராத்திரி. கண்விழிக்கப் போகிறாய் என்றால் அன்று காலையிலேயே 7 கிலோமீற்றரை முடித்துவிடு. ஐந்தாம் வாரத்தில் செவ்வாய் வரைக்கும் ஓட்டம் இல்லை, நித்திரையைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

இனி, இந்தத் திட்டத்தில் எல்லாரும் பிழைவிடுகிற இடம். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரத்தின் கணக்கு நீ உண்மையில் ஓடின தூரத்திலிருந்து தொடங்க வேண்டும், தாளில் எழுதியிருக்கிற தூரத்திலிருந்து அல்ல. ஏழாம் வாரம் வினாத்தாள் திருத்துகிற வேலையில் 15 மட்டும் ஓடினாய் என்று வை. எட்டாம் வாரம் 16.5-க்கு மேல் போகாதே. தாளில் 20.5 என்று இருந்தாலும் போகாதே. அதற்கடுத்த வாரம் 18. அப்படியே ஏறிவா. பதினோராம் வாரம் 26.5-க்கு வந்து சேராது, பரவாயில்லை. ஞாயிறு நீள ஓட்டம் ஒரு தடவை 8.5-ஐத் தொட்டிருந்தாலே மரதனில் 10-ஐ முடிக்கலாம். விட்ட தூரத்தை அடுத்த வாரத்தில் "கடன் கட்ட" நினைக்காதே. செவ்வாய் விட்டதை வியாழனோடு சேர்த்து 10 ஆக்கி ஓடினால் வாரக் கணக்கு சரியாக இருக்கும், ஆனால் கால் அந்த ஒரு நாளில்தான் உடையும்.

காய்ச்சல் வந்தால் ஓட்டம் முழுவதும் நிற்க வேண்டும். மழைக்குப் பிறகு வருகிற இந்த மாதங்களில் மட்டக்களப்பில் டெங்கு இருக்கும். பரசிற்றமோலைத் தவிர வேறு நோவு மாத்திரை போடாதே, அஸ்பிரினும் ஐபுப்ரோஃபனும் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும். வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய். டெங்கு என்றால் இந்தத் தாளை மூடி வை. வைத்தியர் ஓடலாம் என்ற பிறகு புதிதாக எழுதுவோம்.

வேகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒருவர் வந்தால் ஒரு முழு வசனம் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. பேச முடியாவிட்டால் ஒரு நிமிடம் நட, பிறகு ஓடு. நடந்த தூரத்தையும் கணக்கில் சேர். ஒன்பதாம் வாரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் மட்டும், ஓட்டத்தின் கடைசியில், இருபது செக்கன் சற்று வேகமாக நாலு தடவை ஓடு. நடுவில் மூச்சு ஆறும்வரை நட. அந்தத் தூரமும் அன்றைய தூரத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

பாதை: செவ்வாயும் வியாழனும் கல்லடிப் பாலத்திலிருந்து புளியந்தீவுப் பக்கம் போய்த் திரும்பு. நம்முடைய சமதரையில் பாலம்தான் ஒரே மேடு, அதில் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை. வாவிக் காற்று இருப்பதால் வெக்கையும் குறைவு. நீள ஓட்டத்தை நாவலடிப் பக்கத் தெருவில் ஓடு, ஞாயிறு காலை வாகனம் குறைவு. கடற்கரை மணலில் ஓட உனக்கு விருப்பம் என்று தெரியும். ஆனால் பொலபொலத்த மணல் கெண்டைக்காலைக் கூடுதலாக வேலை வாங்கும், தண்ணீர் ஓரத்து இறுகின மணல் ஒரு பக்கம் சரிந்திருக்கும். வாரத்தில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் மணலில் வேண்டாம். அதையும் சனிக்கிழமைக் குறுகிய ஓட்டத்தில் வைத்துக்கொள்.

ஜனவரியில் ஆறேகால் தாண்டித்தான் விடியும். இருட்டில் தனியாகக் கிளம்பாதே. தம்பி சைக்கிளில் பின்னால் வரட்டும், இல்லாவிட்டால் அந்த நாளைப் பின்னேரத்துக்கு மாற்று. நாய் துரத்தினால் ஓடாமல் நின்று, மெல்ல நட. மார்ச் கடைசியில் வெயில் சுள்ளென்று ஏறும், ஞாயிறு ஓட்டத்தை ஏழு மணிக்கு முன் முடித்துவிடு. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரோ இளநீரோ குடி, சாப்பாட்டில் உப்பைக் குறைக்காதே.

மாதவிடாய் நாட்களில் வயிறு நோகுதென்றால் செவ்வாயை வியாழனுக்கு, வியாழனைச் சனிக்கு மாற்றிக்கொள், தூரம் அப்படியே இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து களைப்பு போகவில்லை, படி ஏறவே மூச்சு வாங்குகிறது என்றால் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேள். திட்டத்தை அதுவரை கூட்டாதே.

நோவைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டு காலிலும் ஒரே மாதிரி, தசையில், மறுநாள் வந்து இரண்டு நாளில் போனால் அது பழகுகிற நோவு. ஒரு காலில் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில், ஓட ஓடக் கூடினால் உடனே நிறுத்து. முன்னங்கால் எலும்பில் அப்படி ஒரு புள்ளி இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாமல் காட்டு.

திங்களும் புதனும் விறாந்தைப் படியில் பாதத்தின் முன்பாதியை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்கு, பதினைந்து தடவையாக மூன்று முறை. கூடத் தேவையில்லை. சப்பாத்து பழசென்றால் இப்போதே மாற்று, பதினோராம் வாரத்துக்குப் பிறகு புதுச் சப்பாத்து காலில் ஏறக் கூடாது.

மரதனுக்கு முந்தின இரவு வழக்கமான சோறுதான், தயிர் மட்டும் வேண்டாம். காலையில் ஒன்றரை மணித்தியாலம் முன்னால் ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டு பாணும். விசில் ஊதினதும் எல்லாரும் பாய்வார்கள், நீ பாயாதே. முதல் இரண்டு கிலோமீற்றரும் ஞாயிறு ஓட்டத்து வேகத்திலேயே போ. ஏழாவதில் கால் நன்றாக இருந்தால் வியாழக்கிழமை வேகத்தைக் கொஞ்சம் எடுக்கலாம்.

முடிந்த பிறகு மூன்று நாள் ஓடாதே, புத்தாண்டுக்கு வீடுவீடாக நடப்பதே போதும். வியாழன் ஒரு 4, ஞாயிறு ஒரு 5. அதற்கடுத்த வாரத்துக்குக் கணக்கை 26.5-இலிருந்து எடுக்காதே, அந்த 9-இலிருந்துதான் எடுக்க வேண்டும். வெயில் குறைகிற மாதம் வரைக்கும் அவசரமும் இல்லை. தூரங்களை வாரா வாரம் ஞாயிறு இரவு எனக்கு அனுப்பு, ஓடாமல் விட்ட நாளையும் சேர்த்து.