கூண்டா, காடா?

நடுவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்! விலங்குக் காட்சிச்சாலை வேண்டுமா, வேண்டாமா? இரு பக்கத்தையும் பேசுகிறேன்.

முதலில், விலங்குக் காட்சிச்சாலை வேண்டும் என்ற கட்சி. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972-இல் காட்டில் அடியோடு அற்றுப்போனது. அடைப்பில் வளர்த்துப் பெருக்கிய மான்களைத்தான் 1982-இல் ஓமான் பாலைவனத்தில் மறுபடி விட்டார்கள். இதை யாரும் மறுக்க முடியாது.

சரி, வேண்டாம் என்பவர்களிடம் என்ன இருக்கிறது? சுற்றுலா போனபோது ஒரு சிறுத்தையைப் பார்த்தேன். கம்பியோரமாகப் பத்தடி போகும், திரும்பும், பத்தடி வரும். கால் பட்டுப் பட்டுப் புல்லே முளைக்காத ஒரு தடம். அதற்குப் பசியில்லை, இடம்தான் இல்லை.

அப்புறம் நம் மன்னார் வளைகுடா ஆவுளியா என்னும் கடற்பசு. நாளுக்கு முப்பது கிலோவுக்கு மேல் கடற்புல் மேயும். தொட்டியில் அடைத்து யார் தீனி போடுவது? வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும். நட்டத்தைப் பார்க்காமல் வலையை அறுத்துவிடும் மண்டபம் ஊர் மீனவர்தான் அதைக் காப்பாற்றுகிறார்.

ஆகவே நடுவர் அவர்களே, காட்டுக்குத் திருப்பி அனுப்பவும் அடிபட்டதைப் பிழைக்க வைக்கவும் வளர்க்கட்டும். வேடிக்கை காட்ட ஒரு சிறுத்தையைக்கூட அடைக்க வேண்டாம். நன்றி!