வேலைக் கோப்பை எங்கே சேமிப்பது: C: டிரைவிலா, Z: டிரைவிலா?

நம் ஆடிட்டர் அலுவலகத்தில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கணினியில் This PC-யைத் திறந்தால் இரண்டு டிரைவ்கள் தெரியும். C: உங்கள் கணினிக்குள்ளேயே இருப்பது. Desktop, Documents, Downloads மூன்றும் அதில் அடக்கம். Z: சர்வரில் இருப்பது, எல்லோருக்கும் பொது. தினமும் இரவு 9 மணிக்கு பேக்கப் எடுப்பது Z: டிரைவை மட்டும்தான்.

அதனால் கிளையண்ட் வேலை எதுவானாலும், பாதி முடிந்ததானாலும் சரி, Z: டிரைவில் இருக்க வேண்டும். போன செப்டம்பரில், டேக்ஸ் ஆடிட் வேலை குவிந்திருந்த நேரத்தில், ஒரு கணினியின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. முடித்த பிறகு சர்வரில் போட்டுக்கொள்ளலாம் என்று டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்த மூன்று நாள் வேலையும் அதோடு போனது. இரண்டு பேர் இரவு 11 மணி வரை உட்கார்ந்து மறுபடியும் செய்தார்கள். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது.

கிளையண்ட் எண், நிதியாண்டு, வேலை என்ற வரிசையில் ஃபோல்டர்கள் இருக்கும்:

```
Z:\Clients\K014\2025-26\GST\GSTR3B_2025-08.xlsx
```

கோப்பின் பெயரில் வருடத்தை முதலில், மாதத்தை அடுத்து எழுதுங்கள். அப்போதுதான் மாத வரிசையில் நிற்கும். 08/2025 என்று சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது. final, final2, newfinal வேண்டவே வேண்டாம். எது கடைசி என்று அடுத்த வாரம் உங்களுக்கே தெரியாது.

மெயிலில் வரும் எக்செல்லை அங்கேயே திறந்து திருத்தாதீர்கள். அவுட்லுக் அதைத் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் வைத்துத் திறக்கிறது. செய்த திருத்தத்தை அப்புறம் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. முதலில் Z: டிரைவில் சேமியுங்கள், பிறகு திறங்கள்.

ஒரு கோப்பு Read-Only என்று திறந்தால் பெரும்பாலும் வேறு யாரோ அதில் வேலை செய்கிறார்கள். நகல் எடுத்துத் தனியாகத் திருத்த ஆரம்பித்தால் ஒரே கணக்குக்கு இரண்டு பதிப்பு ஆகிவிடும். யார் என்று கேளுங்கள், அவர் மூடும் வரை பொறுங்கள்.

Z: டிரைவில் அழிப்பது உங்கள் Recycle Bin-க்கு வராது, நேராகப் போய்விடும். முந்தைய இரவின் பேக்கப்பில் இருந்தால் மீட்கலாம். காலையில் உருவாக்கி மாலையில் அழித்ததை மீட்க வழியில்லை. மவுஸால் இழுக்கும்போதும் கவனம்: Z: டிரைவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் கோப்பு இடம் மாறிவிடும். C: டிரைவிலிருந்து Z:-க்கு இழுத்தால் நகல்தான் போகும், பழையது அங்கேயே இருக்கும். சேர்ந்துவிட்டதா என்று பார்த்து, C: டிரைவில் உள்ளதை அழித்துவிடுங்கள்.

C: டிரைவில் உங்கள் சொந்தக் குறிப்புகள், இன்ஸ்டால் செய்யும் கோப்புகள் இருக்கலாம். கிளையண்டின் பான், வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கக் கூடாது.

காலையில் Z: மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் ஒரு முறை இரட்டை கிளிக் செய்யுங்கள். பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிட்டால் நெட்வொர்க் கேபிளைப் பாருங்கள், பிறகு சீனியரிடம் சொல்லுங்கள். அதுவரை டெஸ்க்டாப்பில் வேலை செய்தால், Z: வந்ததும் முதல் வேலையாக அதை அங்கே சேர்த்துவிடுங்கள்.