பொருள்: ஃபில்டர் மாற்றும் பிரச்சாரம் – முதல் டிராஃப்ட் பற்றி எங்கள் கருத்து

அன்புள்ள கிரியேட்டிவ் குழுவினருக்கு,

வணக்கம். ஸ்டோரிபோர்டு, போஸ்டர்கள், எஸ்எம்எஸ் வாசகங்கள் எல்லாம் சொன்ன தேதிக்கே வந்து சேர்ந்தன. நன்றி. சர்வீஸ் குழுவையும் உட்கார வைத்து முழுவதையும் பார்த்தோம். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தயாரிப்பில் குறையில்லை. ஆனால் பிரீஃபில் கேட்டது இது அல்ல. அதனால் இந்த டிராஃப்டுக்கு ஒப்புதல் தர முடியவில்லை.

இந்தப் பிரச்சாரம் யாருக்கு என்பதை பிரீஃபின் முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தோம்: எங்கள் வாட்டர் பியூரிஃபையரை வாங்கி ஓராண்டு தாண்டியும் ஃபில்டரை மாற்றாதவர்கள். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சர்வீஸுக்கு நேரம் பதிவு செய்வது. உங்கள் 60 விநாடிப் படம் பேசுவது இன்னும் பியூரிஃபையர் வாங்காத குடும்பத்திடம். அம்மா டம்ளரை நீட்டுகிறார், குழந்தை குடிக்கிறது, "நம்பி வாங்கலாம்" என்று முடிகிறது. ஏற்கெனவே சுவரில் மாட்டி வைத்திருப்பவர் இதைப் பார்த்தால், "அதான் நம்ம வீட்டுல இருக்கே" என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

அதைவிடக் கவலை தருவது இன்னொன்று. இயந்திரம் இருந்தால் போதும், தண்ணீர் என்றைக்கும் சுத்தம் என்றுதான் படம் சொல்லாமல் சொல்கிறது. வாடிக்கையாளர் ஃபில்டரை மாற்றாமல் இருப்பதே அந்த நினைப்பால்தான். காசு கொடுத்து அதையே உறுதிப்படுத்துவதில் அர்த்தமில்லை.

கார்பன் ஃபில்டரின் உறிஞ்சும் திறன் தீர்ந்துபோனாலும் தண்ணீர் பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததை யாரும் அவசரமாக நினைப்பதில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரியும்: வண்டல் ஃபில்டரோ மெம்பிரேனோ அடைத்துக்கொண்டால் தண்ணீர் வரும் வேகம் குறையும், டேங்க் நிரம்ப நேரமாகும். எங்கள் டெக்னீஷியன்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம், "முன்ன மாதிரி வேகமா வரல." பிரீஃபோடு இணைத்திருந்த சர்வீஸ் அழைப்புக் குறிப்புகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. டிராஃப்டில் எங்கேயும் இல்லை. என் கணிப்பில் இந்தப் பிரச்சாரத்தின் வாசல் அதுதான். வேறு வழியும் இருக்கலாம், காட்டுங்கள், பார்க்கிறேன்.

நான்காவது போஸ்டரில் குழந்தை ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். பயமுறுத்த வேண்டாம் என்று பிரீஃபிலேயே கேட்டிருந்தோம். தவிர, அதைப் பார்ப்பவர் எங்கள் இயந்திரத்துத் தண்ணீரால்தான் நோய் வந்தது என்று புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. "99.99% கிருமிகள் நீங்கும்" என்ற வரியும் வேண்டாம். எந்த மாடலுக்கு, எந்தப் பரிசோதனையில் வந்த எண் என்று காட்ட முடியாத எதையும் எங்கள் சட்டப் பிரிவு அனுமதிக்காது.

எஸ்எம்எஸ் பற்றி ஒரு சின்ன விஷயம். ஆங்கிலத்தில் 160 எழுத்துக்குறிகள் வரை ஒரே மெசேஜாகப் போகும், தமிழில் 70தான். நம் புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். நீங்கள் எழுதியிருப்பவை ஒவ்வொன்றும் மூன்று மெசேஜ் கணக்கில் போகின்றன, செலவும் மூன்று மடங்கு. லிங்க் வேறு கடைசியில் இருக்கிறது. ஒரே மெசேஜுக்குள் அடக்கி, லிங்க்கை முன்னால் கொண்டுவாருங்கள். போஸ்டர்களில் போன் எண், க்யூஆர் கோடு, இணைய முகவரி மூன்றும் இருக்கின்றன. க்யூஆர் கோடு மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது போஸ்டர் மட்டும் அருமை. இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் "அடுத்த சர்வீஸ்" ஸ்டிக்கர், தேதி மங்கிப்போய். பார்த்ததும் எங்கள் சர்வீஸ் தலைவர் சிரித்துவிட்டார், அவர் லேசில் சிரிப்பவர் இல்லை. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து செய்த வேலை அது. செய்தவரிடம் அவசியம் சொல்லுங்கள். அடுத்த சுற்றை அங்கிருந்து தொடங்கலாம்.

படத்தை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம், உங்கள் நேரம்தான் வீணாகும். வியாழக்கிழமைக்குள் மூன்று யோசனைகளை ஒரே பக்கத்தில், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிகளில், ஓவியம் எதுவும் இல்லாமல் அனுப்புங்கள். வெள்ளி காலை 11 மணிக்கு வீடியோ காலில் பேசி ஒன்றை முடிவு செய்வோம். டெக்னீஷியன் ஒருவரையும் அழைக்கிறேன், அவரிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எஸ்எம்எஸ் தொடங்கும் தேதியில் மாற்றமில்லை. படம் இரண்டு வாரம் தள்ளிப் போகலாம், மீடியா குழுவிடம் பேசிவிட்டேன். ஒப்பந்தத்தில் உள்ள இரண்டு திருத்தச் சுற்றுகளில் இதை முதலாவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். அதில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மேலாளர், மார்க்கெட்டிங் பிரிவு