ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு வாடகைக்கு: தொழிற்பேட்டை 2வது கேட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சிறிய வீடு

ஒரு படுக்கையறை, ஒரு சின்ன ஹால், சமையலறை, குளியலறையோடு கழிப்பறை. மொத்தம் 420 சதுர அடி, இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. வரும் மாதம் 1ஆம் தேதியிலிருந்து குடிவரலாம். தனியாக ஒருவருக்கோ, இரண்டு பேருக்கோ, கணவன் மனைவிக்கோ சரியாக இருக்கும். மூன்று பேருக்கு இடம் போதாது.

நானும் இந்தப் பேட்டையில் மூன்று ஷிப்டிலும் வேலை பார்த்தவன். ராத்திரி வேலை முடிந்து வருகிறவருக்கு வீட்டில் முக்கியமாக என்ன வேண்டும் என்று தெரியும். பயமில்லாமல் வந்து சேர வேண்டும், வந்ததும் நிம்மதியாகத் தூங்க வேண்டும். இந்த வீட்டை அந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் தயார் செய்திருக்கிறேன்.

முதலில் வழி. 2வது கேட்டிலிருந்து வீட்டு வாசல் சுமார் 850 மீட்டர். சாதாரணமாக நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம், சைக்கிளில் ஐந்து நிமிடத்துக்குள். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிப்ட் மாறும்போது பிரதான சாலையில் ஆட்கள் கூட்டமாகத்தான் நடப்பார்கள். அங்கே தனியாக வருவது போலவே இருக்காது. பிரதான சாலையிலிருந்து நம் தெருவுக்குள் திரும்பி வருகிற சுமார் 150 மீட்டரைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே நான்கு தெருவிளக்குகள் எரிகின்றன. நம் வீட்டு கேட்டிலும் ஒரு விளக்கு பொருத்தியிருக்கிறேன், பொழுது சாய்ந்தால் தானாக எரியும், விடிந்தால் அணையும். காலி மனை வழியாக ஒரு குறுக்குப் பாதை உண்டு. மூன்று நிமிடம் மிச்சமாகும், ஆனால் அங்கே வெளிச்சம் இல்லை. இருட்டிய பிறகு தயவுசெய்து அதில் வராதீர்கள். கம்பெனி வண்டியில் வருபவர்களுக்கு வண்டி கேட் வரைக்கும் வந்து திரும்ப இடமிருக்கிறது. நீங்கள் உள்ளே போய் மாடி விளக்கைப் போடும்வரை டிரைவர் அங்கேயே நிற்கலாம். பலத்த மழை பெய்தால் தெரு முனையில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

கேட்டுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. குடிவருபவருக்குத் தனிச் சாவி உண்டு, எத்தனை மணிக்கு வந்தாலும் யாரையும் எழுப்ப வேண்டாம். ஒவ்வொருவர் காலி செய்த பிறகும் வீட்டுக் கதவின் பூட்டை மாற்றிவிடுவேன். புதுப் பூட்டின் சாவிகள் அத்தனையும் உங்கள் கையில்தான் இருக்கும், என்னிடம் ஒன்றுகூட இருக்காது. கதவில் பார்க்கும் துளை, சங்கிலி, உள்தாழ்ப்பாள் மூன்றும் உண்டு. கேமரா கேட்டையும் மாடிப்படியையும் மட்டும் பார்க்கும். உங்கள் கதவு அதில் தெரியாது, யார் வந்தார் போனார் என்று நான் கணக்கும் பார்க்க மாட்டேன். படுக்கையறை ஜன்னலில் கம்பி இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பகுதி உள்ளிருந்து திறக்கும், தீ ஏதாவது பிடித்தால் அந்த வழியாகப் பின்பக்கத் தளத்துக்கு இறங்கலாம். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சாதனம் போட்டிருக்கிறது. ஹீட்டரும் மின்சாரத்தில் ஓடுவதுதான், குளியலறைக்குள் கேஸ் எரிவதில்லை.

தூக்கம். படுக்கையறை தெருவைப் பார்க்காமல் பின்பக்கம் இருக்கிறது. வெளிச்சம் புகாத தடித்த திரை போட்டிருக்கிறேன், பகல் 11 மணிக்கும் அறை நன்றாக இருட்டியிருக்கும். தண்ணீர் மோட்டாரை மாலை 5 மணிக்கு மேல்தான் போடுவோம். அழைப்பு மணியை உள்ளிருந்தே அணைத்து வைக்கலாம். அருகில் ஒரு பள்ளி இருக்கிறது, இடைவேளையில் பிள்ளைகள் சத்தம் ஹாலுக்குக் கேட்கும். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் பெரும்பாலும் கேட்காது. இருந்தாலும் லேசான தூக்கக்காரர் என்றால் ஒரு பகலில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு பேர் வேறு வேறு ஷிப்டில் இருந்தால் ஒருவர் ஹாலில் படுக்கலாம், அங்கேயும் ஃபேனும் திரையும் உண்டு.

மின்தடை வந்தால் இரண்டு ஃபேனும் மூன்று விளக்கும் இன்வெர்ட்டரில் ஓடும். வாஷிங் மெஷினுக்கு இணைப்பு இருக்கிறது, மெஷின் உங்களுடையது. இரு சக்கர வண்டி ஒன்றை கேட்டுக்குள் நிறுத்தலாம், கார் நிறுத்த இடமில்லை.

வாடகையை நேரில் பேசி முடிவு செய்வோம். முன்பணம் இரண்டு மாத வாடகை, தரகு கிடையாது. காலி செய்ய ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும். எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதித் தருவேன். அடையாள அட்டை நகலும், வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கடிதமும் கொண்டு வாருங்கள். எந்த ஷிப்ட் என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்க மாட்டோம். தனியாக வசிக்கும் பெண்களுக்கும் தாராளமாகத் தருகிறோம். கீழ்வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம், அவசரம் என்றால் எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம்.

பார்க்க வருபவர்கள், 2வது கேட்டுக்கு எதிரே உள்ள சாலையில் வந்து இடதுபுறம் இரண்டாவது தெருவில் திரும்புங்கள். தெருவின் கடைசியில் பச்சை கேட் போட்ட வீடு. ஒருமுறை பகலிலும், ஒருமுறை இரவு 10 மணி ஷிப்ட் முடிந்த பிறகு நடந்தும் வந்து பாருங்கள். அந்த நேரத்தில் கீழே மணியடிக்கத் தயங்க வேண்டாம், 11 மணி வரை விழித்திருப்போம். ஒருவருக்கு முடிவானதும் இந்த அறிவிப்பை எடுத்துவிடுவேன்.